கிணறு தோண்டிய மூன்றாம் நாள்

"மாமி, சலம் கறுப்பாப் போகுது. பிளேன்ரீ மாதிரி."

மூன்று வருடத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் என் தம்பியின் மகன் கைத்தொலைபேசியில் சொன்ன முதல் வசனம் இதுதான். வற்றாப்பளைப் பொங்கலுக்காகக் கொழும்பிலிருந்து வந்தவன், பொங்கல் முடிந்தும் ஒரு கிழமை லீவு எடுத்து முள்ளியவளையில் நின்றான். வயது 24. கொழும்பில் ஒரு கடையில் காலை முதல் இரவு வரை கதிரையில் இருந்து கைத்தொலைபேசி திருத்துகிற வேலை.

நான் வன்னியில் ஓர் அரசாங்க வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். சலம், இரத்தம், சளி என்று ஒரு நாளைக்கு நூறு போத்தலாவது என் மேசைக்கு வரும். அதனால் வீட்டில் யாருக்கு என்ன நிறத்தில் என்ன போனாலும் எனக்குத்தான் முதலில் அழைப்பு வரும். பெரும்பாலும் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அன்று மட்டும் ஏனோ, "நீ என்னடா வேலை செய்தனி?" என்று கேட்டேன்.

"அப்பாவோட கிணத்துக்க நிண்டனான், மாமி. ரெண்டு நாள்."

தம்பி வீட்டுக் கிணறு அந்த வருடம் வைகாசியிலேயே வற்றிப்போய், வாளி அடியில் முட்டத் தொடங்கிவிட்டது. இன்னும் நாலடி இறக்கினால் ஊற்றுக் கிடைக்கும் என்று இரண்டு பேரைக் கூலிக்குப் பேசியிருந்தான். ஒருவர் வரவில்லை. "நான் இறங்கிறன் அப்பா" என்று மகன் இறங்கியிருக்கிறான். கிணற்றடியில் கிரவலும் களியும் இறுகிப்போய்க் கிடந்தன. அதை அலவாங்கால் குத்தி உடைக்க வேண்டும். குந்தியிருந்து கடகத்தில் அள்ளி, எழும்பி, நெஞ்சளவுக்குத் தூக்கிக் கயிற்றில் கொழுவ வேண்டும். மேலே இழுப்பவர்கள் கடகத்தைக் கொட்டிவிட்டு இறக்கும்வரைதான் மூச்சு விடலாம். திங்கட்கிழமை மட்டும் இருநூறு கடகத்துக்கு மேல் போனதாகத் தம்பி பிறகு கணக்குச் சொன்னான். உள்ளே காற்றில்லை. குடித்தது காலையில் ஒரு தேத்தண்ணீரும் ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்றும்தான். செவ்வாய்க்கிழமையும் அதே வேலை.

புதன் விடிய அவனுக்கு முழங்கையை நீட்ட முடியவில்லை. இரண்டு கையும் மடிந்தபடியே நின்றன. மலசலகூடத்தில் குந்த முடியவில்லை, குந்தினால் எழும்ப முடியவில்லை. கோப்பையைத் தூக்கினால் கை நடுங்கிக் கீழே வந்தது. வீட்டில் யாரும் பதறவில்லை. உழைக்காத உடம்பு நோகத்தானே செய்யும். மச்சாள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். தம்பி சந்தியிலிருந்த மருந்துக்கடையில் நோவுக்குக் குளிசை வாங்கிக் கொடுத்தான். டைக்குளோபினாக், 50 மில்லிகிராம். புதன் முழுக்க மூன்று, வியாழன் காலையில் ஒன்று, மொத்தம் நான்கு போட்டிருக்கிறான்.

புதன் இரவே சலம் கடுத்திருக்கிறது. சூடு பிடித்திருக்கும் என்று நினைத்தார்கள். வியாழன் காலையில் நிறம் இன்னும் கறுக்க, மச்சாளுக்குச் செங்கமாரிப் பயம் வந்து கீழ்க்காய்நெல்லி தேடப் போனாள். தம்பி அவனைத் தனியார் மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனான். அங்கே சலத்தில் ஸ்ட்ரிப் ஒன்றைத் தோய்த்துப் பார்த்து, இரத்தம் போகிறது, கல்லாக இருக்கலாம் அல்லது கிருமியாக இருக்கலாம் என்று சொல்லி அன்ரிபயோற்றிக் எழுதிக் கொடுத்தார்கள். அவனிடம் கையையோ காலையோ காட்டச் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. சலத்துக்கும் கைநோவுக்கும் தொடர்பிருக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

இரண்டு மணிக்கு முச்சக்கரவண்டியில் என்னிடம் கொண்டுவந்தார்கள். வெளிநோயாளர் பிரிவில் பதிந்துவிட்டு, அவன் அப்போதே விட்ட சலத்தை நானே வாங்கிக்கொண்டு போனேன். புதிதாக விட்ட சலம் என்பது இந்தச் சோதனையில் முக்கியம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். போத்தலை வெளிச்சத்தில் பிடித்தால் கபிலம். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு.

ஸ்ட்ரிப்பைத் தோய்த்தேன். இரத்தத்துக்கான சதுரம் ஒரு நிமிடம்கூட ஆகாமல் கரும்பச்சையானது, மூன்று பிளஸ். புரதம் ஒரு பிளஸ். கிருமி இருந்தால் நிறம் மாறவேண்டிய சதுரங்கள் மாறவில்லை. செங்கமாரி என்றால் நிறம் மாறவேண்டிய பிலிருபின் சதுரமும் மாறவில்லை. அடுத்து சலத்தைச் சென்ரிபியூஜில் சுற்றி, அடியில் படிந்ததை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன். மூன்று பிளஸ் என்றால் கண்ணாடி முழுக்கச் செங்குருதிக் கலங்கள் நிரம்பி வழிய வேண்டும். நான் பார்த்தது ஒன்று, தேடிப்பிடித்தால் இரண்டு. அவற்றுக்குப் பதிலாக, அங்கங்கே கபில நிறத்தில் மணல்மணலான உருளைகள் கிடந்தன.

ஸ்ட்ரிப் இரத்தம் என்றது. நுணுக்குக்காட்டி இல்லை என்றது. இரண்டில் எதுவும் பிழையில்லை.

அந்தச் சதுரம் உண்மையில் இரத்தத்தைத் தேடுவதில்லை. அது தேடுவது ஹீம் என்ற, இரும்பைக் கொண்ட ஒரு பகுதியை. செங்குருதிக் கலத்துக்குள் இருக்கும் ஈமோகுளோபினில் ஹீம் உண்டு. அதே ஹீம் தசைக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதத்திலும் உண்டு. இரத்தம் கொண்டுவரும் ஒட்சிசனைத் தசை வாங்கி வைத்துக்கொள்வது அதில்தான். இறைச்சி சிவப்பாக இருப்பதும் பெரும்பாலும் அதனால்தான். தசைநார்கள் உடைந்தால் மயோகுளோபின் இரத்தத்துக்குள் கொட்டுண்டு, சிறுநீரகம் வழியாகச் சலத்துக்கு வந்துவிடும். ஸ்ட்ரிப்புக்கு இரண்டும் ஒன்றுதான். கலம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் இதே முடிவு வேறு காரணங்களாலும் வரலாம். சலம் மணிக்கணக்காக மேசையில் கிடந்தாலோ, அதிகம் நீர்த்துப்போயிருந்தாலோ கலங்கள் வெடித்துக் கரைந்து, நுணுக்குக்காட்டியில் ஒன்றும் தெரியாமல் போகும். அதனால்தான் புதிய சலம் வேண்டும் என்றேன். இன்னொன்று, செங்குருதிக் கலங்கள் உடம்புக்குள்ளேயே, இரத்தக் குழாய்களுக்குள் உடைவது. அப்போதும் சலம் கறுக்கும், கலம் இருக்காது. இதைப் பிரித்தறிய அவனுடைய இரத்தத்தைச் சுற்றி மேல்நீரைப் பார்த்தேன். ஈமோகுளோபின் பெரிய மூலக்கூறு, மற்றொரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இரத்தத்திலேயே தங்கி மேல்நீரைச் சிவக்க வைக்கும். மயோகுளோபின் சின்னது, வந்த வேகத்தில் சலத்துக்குள் போய்விடும். அவனுடைய இரத்தத்தின் மேல்நீர் தெளிந்த வைக்கோல் நிறம். சலத்தின் மேல்நீரோ சுற்றிய பிறகும் கபிலமாகவே நின்றது.

அந்த இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அவன் என் மருமகன் என்பதால் மட்டுமில்லை. அதுவரையான பதினைந்து வருடத்தில் "இரத்தம் மூன்று பிளஸ், செங்குருதிக் கலம் இல்லை" என்று எத்தனை அறிக்கை எழுதி அனுப்பியிருப்பேன்? அதில் எத்தனை பேர் முதல் நாள் மூட்டை தூக்கியவர்கள், காடு வெட்டியவர்கள்? எங்களுக்கு வரும் சோதனைத் துண்டில் பெயர், வயது, விடுதி, சோதனையின் பெயர் இவ்வளவும்தான் இருக்கும். என்ன வேலை செய்தார் என்று எழுத அதில் இடமில்லை. நானும் கேட்டதில்லை.

கையெழுத்துக் காயமுதல் அறிக்கையை எடுத்துக்கொண்டு விடுதி மருத்துவரிடம் போனேன். அவர் படித்துவிட்டு நேரே அவனுடைய கட்டிலுக்கு வந்து, மேல்கையையும் தொடையையும் அமத்திப் பார்த்தார். ஊதிப்போய் மாவுருண்டை மாதிரி இறுகியிருந்தன. விரல்களைப் பின்னுக்கு வளைத்து நோகிறதா, விறைக்கிறதா என்று கேட்டார். தசை அளவுக்கு மிஞ்சி வீங்கினால் அதைச் சுற்றியிருக்கும் உறைக்குள்ளேயே நசிபட்டு இரத்தோட்டம் நின்றுவிடும், அப்போது சத்திரசிகிச்சை செய்து உறையைத் திறக்க வேண்டிவரும் என்றார். நல்லகாலம், அந்த அளவுக்குப் போயிருக்கவில்லை.

அதோடு அவர் முடிவு கட்டிவிடவில்லை. இது வன்னி. வயலும் சேறும் உள்ள இடத்தில் தசைநோவும் கறுத்த சலமும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலை நினைக்காமல் விடக்கூடாது. அதிலும் கெண்டைக்கால் நோகும், சிறுநீரகம் கெடும், தசையும் ஓரளவு உடையும். ஆனால் காய்ச்சலோடு தொடங்கும், பலருக்குக் கண் சிவக்கும். இவனுக்குக் காய்ச்சல் ஒரு நாளும் இல்லை. என்றாலும் கிணற்றுச் சேற்றுக்குள் இரண்டு நாள் நின்றவன் என்று அதற்கும் இரத்தம் எடுத்தார்கள். பாம்பு ஏதும் கடித்ததா என்றும் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி முதலில் விளங்கவில்லை. கண்ணாடி விரியனின் நஞ்சு எங்கள் நாட்டில் தசையையும் உடைக்கக்கூடியது. கடற்பாம்பின் நஞ்சு இன்னும் மோசம். வலை இழுக்கும்போது காலில் ஏதோ குத்தியது என்று மட்டும் சொல்லிக்கொண்டு வரும் கடற்றொழிலாளிக்குச் சில மணித்தியாலத்தில் உடம்பெல்லாம் நொந்து சலம் கறுத்தால், அங்கேயும் நடப்பது இதேதான்.

தசை உடைந்ததா என்பதை உறுதிப்படுத்தும் சோதனை கிரியேட்டின் கைனேஸ். சுருக்கமாக சீகே, சில துண்டுகளில் சீபீகே என்று இருக்கும். தசைக்குள் இருக்கும் நொதியம் அது. எங்களிடம் அன்று அதற்கான இரசாயனம் முடிந்திருந்தது. இரத்தத்தை வேறிடத்துக்கு அனுப்பினோம், முடிவு அடுத்த நாள்தான் வரும். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் மருத்துவரிடம் நான் அன்று கண்ட பெரிய விஷயம். அதுவரை கையிலிருந்ததை வைத்தே அவர் முடிவெடுத்தார். சலத்தில் அந்த முரண். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 2.1, அவனுக்கு 1 அளவில் இருக்க வேண்டியது. பொற்றாசியம் 5.8, கூடிப்போனால் 5 வரை இருக்கலாம். அப்புறம் ஈரல் சோதனை என்று நாங்கள் செய்யும் இரண்டு நொதியங்களில் ஏஎஸ்டி 1,100ஐத் தாண்டியிருந்தது, ஏஎல்டி 310.

இந்தக் கடைசி எண்கள்தான் பலரை ஏமாற்றுபவை. ஈரல் நொதியம் கூடியிருக்கிறது, சலம் கறுத்திருக்கிறது, அப்படியென்றால் செங்கமாரிதான் என்று போய்விடலாம். ஆனால் இந்த இரண்டு நொதியமும் தசையிலும் உண்டு, அதிலும் ஏஎஸ்டி கூடுதலாக. பிலிருபின் சாதாரணமாக இருக்கும்போது ஏஎஸ்டி மட்டும் இப்படி முந்திக்கொண்டு ஏறி நின்றால் ஈரலை விட்டுத் தசையைப் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சீகே வந்தது: 68,400. சாதாரணமாக 200க்குள் இருக்கும். அந்த அளவை இயந்திரம் நேரே வாசிக்காது. இரத்தத்தின் மேல்நீரைப் பல மடங்கு ஐதாக்கி வாசித்துப் பிறகு பெருக்க வேண்டும். ஒன்றைச் சொல்லவேண்டும். எண் கூடியவுடனேயே பயப்படத் தேவையில்லை. பழக்கமில்லாமல் கடுமையாக உடற்பயிற்சி செய்தவருக்குச் சில ஆயிரம் வரை போய், ஒரு கேடும் செய்யாமல் இறங்குவதும் உண்டு. மேல் எல்லையின் ஐந்து மடங்கு, அதாவது ஏறக்குறைய 1,000 தாண்டினால் தசைச்சிதைவு என்று கணக்கில் எடுப்பார்கள். 5,000க்குக் கீழே சிறுநீரகம் கெடுவது அரிது. இவனுடையது அந்த எல்லையிலிருந்து எவ்வளவோ தூரத்தில் நின்றது.

"நானும்தானே அவனோட நிண்டனான், எனக்கு ஒண்டும் செய்யேல்லையே" என்று தம்பி விடுதி வாசலில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னான். வயது 52. மகன் கிணற்றுக்குள் நின்ற இரண்டு நாளும் மேலே வெயிலில், கயிற்றுப் பக்கம் நின்றவன். அவன் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டது எனக்குத் தாங்கவில்லை. ஆனால் அவன் கேட்டது சரியான கேள்வி.

வேலையின் கனத்தைவிட அந்த வேலை தசைக்குப் பழக்கமா இல்லையா என்பதுதான் பெரிய வித்தியாசம். தசை சுருங்கிக்கொண்டு பாரத்தைத் தூக்குவதைவிட, பாரத்தைத் தாங்கியபடி நீளும்போதுதான் நார்கள் கிழியும். மெல்லக் குந்துவது, ஏணியில் இறங்குவது, கனத்தைப் பதமாகக் கீழே வைப்பது எல்லாம் அந்த வகை. ஒருநாளைக்கு இருநூறு தரம் குந்தி எழும்பியவனின் தொடை அன்று முழுக்க அதைத்தான் செய்தது. நாரின் தோல் கிழிந்தவுடன் வெளியிலிருக்கும் கல்சியம் உள்ளே பாயும். அதை வெளியே தள்ளச் சக்தி வேண்டும், களைத்துப்போன நாரில் அது மிச்சமில்லை. தேங்கும் கல்சியம் நாருக்குள் இருக்கும் நொதியங்களைத் தூண்டிவிட, நார் தன்னையே அரித்துக்கொள்ளும். வெப்பமும் தண்ணீர்க் குறைவும் அதைத் துரிதப்படுத்தும். ஒரு தடவை அளவோடு இந்த வேலையைச் செய்து ஆறிய தசையோ, அடுத்த சில கிழமைகளுக்கு அதே வேலையை மிகக் குறைந்த சேதத்தோடு தாங்கும். தம்பி வருடம் முழுக்க மண்வெட்டி பிடிப்பவன். மகனின் தசைக்கு அந்தப் பழக்கமே இருக்கவில்லை.

சரி, உடைந்தது தசை. சிறுநீரகம் ஏன் கெட வேண்டும்?

இதை மருத்துவ உலகம் தெளிவாக எழுதியது 1941இல். லண்டனில் ஜேர்மன் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களுக்குள் மணிக்கணக்காகக் கைகால் நசிபட்டுக் கிடந்து மீட்கப்பட்டவர்களைப் பற்றி பைவோட்டர்ஸ், பீல் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். வெளியே எடுத்தபோது நன்றாகத்தான் இருந்தார்கள். பிறகு சலம் கறுத்துக் குறைந்தது, சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பங்கருக்குள் புதையுண்டவர்களை மண் கிளறி எடுத்த கைகள் இன்னும் வன்னியில் இருக்கின்றன. அதைப் படித்தபோது எனக்கு லண்டன் தூரமாகத் தெரியவில்லை.

நடப்பது இதுதான். காயப்பட்ட தசை தண்ணீரை உறிஞ்சி வீங்கும், அதனால் இரத்தோட்டத்தில் தண்ணீர் குறையும். சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறையும்போது சலம் கெட்டியாகி அமிலத்தன்மையும் கூடும். அந்தக் கெட்டிச் சலத்துக்குள் மயோகுளோபின் சிறுநீரகத்தின் சொந்தப் புரதம் ஒன்றோடு சேர்ந்து உறைந்து, நுண்குழாய்களை அடைத்துவிடும். நான் கண்ணாடியில் கண்ட கபில உருளைகள் அப்படி உறைந்து, குழாயின் அச்சாகவே வெளியே வந்தவை. ஹீமில் இருக்கும் இரும்பு குழாய்ச் சுவரையும் நேரடியாகச் சுடும். இதற்குமேல் டைக்குளோபினாக் போன்ற குளிசைகள். தண்ணீர் குறைந்த வேளையில் சிறுநீரகம் தன் வாசற்குழாயை விரித்து வைத்து இரத்தத்தை வரவழைக்க ஒரு சுரப்பை நம்பியிருக்கும். அந்தச் சுரப்பைத்தான் இந்தக் குளிசைகள் நிறுத்துகின்றன. மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும், நோவும் குறையும், ஆனால் அவன் போட்ட நான்கும் போடக்கூடாத நேரத்தில் போட்டவை. விடுதியில் அதை நிறுத்தி, நோவுக்குப் பனடோல் மட்டும் கொடுத்தார்கள்.

விடுதியில் சேர்த்த அன்று பின்னேரம் சொந்தக்காரர் ஒருவர் அவனுக்கு நாலு செவ்விளநீர் கொண்டுவந்தார். சூடு தணியட்டும் என்று அன்போடு வெட்டிக் கொண்டுவந்தது. நான் வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டேன். உடம்பிலிருக்கும் பொற்றாசியத்தின் பெரும்பகுதி தசைக்குள்தான் இருக்கிறது. தசை உடைந்தால் அது இரத்தத்துக்குள் வரும், சிறுநீரகம் தளர்ந்திருந்தால் வெளியேறாது. ஓர் அளவுக்குமேல் போனால் இதயத் துடிப்பு தடுமாறி நின்றுவிடும். இந்த நோயில் முதல் இரண்டு நாளில் உயிரை எடுப்பது பெரும்பாலும் அதுதான். இளநீர் நிறையப் பொற்றாசியம் உள்ள பானம். மற்ற நாளில் நல்லது, அன்று கூடாது. அவருக்கு மனம் நோகாமல் இதை விளங்கப்படுத்த எனக்கு அரைமணித்தியாலம் எடுத்தது. மருத்துவர் அதற்கிடையில் ஈசீஜீ எடுத்துப் பார்த்துவிட்டார், துடிப்பில் மாற்றம் வரவில்லை.

சிகிச்சை என்று பார்த்தால் முக்கால்வாசி சேலைன்தான். முதல் மணித்தியாலத்தில் ஒரு லீற்றர், பிறகு மணிக்கு 200 முதல் 300 மில்லிலீற்றர் சலம் போகும்படி ஏற்றி இறக்கினார்கள். மச்சாள் கையில் ஒரு கொப்பியும் அளவுச் சாடியும் கொடுக்கப்பட்டது. அவள் இரவெல்லாம் விழித்திருந்து ஒவ்வொரு தரமும் அளந்து எழுதினாள். சேலைனை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. சலம் போகாவிட்டால் அந்தத் தண்ணீர் நுரையீரலில் தேங்கும். அதனால்தான் அந்தக் கொப்பி. சலம் நின்று, பொற்றாசியமும் இறங்காவிட்டால் அடுத்தது டயலிசிஸ். அவனுக்கு அது தேவைப்படவில்லை. வியாழன் இரவு பத்து மணிவரை மணிக்கு 60, 70 என்று நின்றது, விடியற்காலையில் 220 ஆனது.

நான் ஒவ்வொரு ஆறு மணித்தியாலத்துக்கும் அவனுடைய சலத்தில் கொஞ்சம் எடுத்துக் குழாயில் விட்டு, நேரம் ஒட்டி வரிசையாக வைத்தேன். முதலாவது சாயம் கூடிய பிளேன்ரீ. மூன்றாவது இளஞ்சிவப்பு. வெள்ளி இரவு எடுத்தது தேசிக்காய்த் தண்ணீர் போல வெளுத்துவிட்டது. தம்பி அதைக் கண்டவுடன் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டான். அதே நேரத்தில் எடுத்த இரத்தத்தில் சீகே இன்னும் ஐம்பதினாயிரத்துக்குக் குறையவில்லை. மயோகுளோபின் சில மணித்தியாலங்களில் வெளியேறிவிடும். சீகே பாதியாகக் குறைய ஒன்றரை நாள் அளவில் எடுக்கும். நிறம் தெளிந்தது நல்ல செய்தி, ஆனால் தசை உடைவது நின்றுவிட்டது என்பதற்கு அத்தாட்சி இல்லை. இதன் மறுபக்கமும் உண்டு. நோவோடு இரண்டு மூன்று நாள் தாமதித்து வருபவரின் சலம் வெளுத்து, ஸ்ட்ரிப்பும் ஒன்றும் காட்டாமல் இருக்கலாம். சலம் தெளிவு என்று அவரைத் திருப்பி அனுப்பினால் பிழை, சீகே பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை 31,000. திங்கள் 12,000. அடுத்த புதன் 4,600, கிரியேட்டினின் 1.2. அன்று வீட்டுக்கு விட்டார்கள்.

வேலை செய்தால் நோகாத உடம்பு உண்டா, எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சாதாரண நோவும் அடுத்த நாள்தான் வரும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தில் நிற்கும். அதுவரை இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆனால் சாதாரண நோவில் மெல்ல நடமாடினால் தசை இளகும், நோவோடு வேலையும் செய்யலாம். இதில் பலம் போய்விடும், கோப்பை தூக்கக் கை வராது. தசை ஊதி இறுகும். நோவு செய்த வேலைக்குப் பொருந்தாத அளவில் இருக்கும். சலம் கறுத்தால் பிறகு யோசிக்கவே வேண்டாம். ஆனால் நோவு, பலவீனம், கறுத்த சலம் மூன்றும் சேர்ந்தே வரும் என்று காத்திருக்கவும் கூடாது, பலருக்கு மூன்றும் ஒன்றாக வருவதில்லை. பீற்றூட் சாப்பிட்டாலும் சலம் சிவக்கும் என்பது உண்மைதான், அதில் ஸ்ட்ரிப் நிறம் மாறாது.

எங்கள் தலைமுறைக்கு இது வேறொரு பெயரில் தெரிந்த நோய். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் போன ஒரு தமிழ் மாணவன், பகிடிவதையில் கடுமையான உடற்பயிற்சி செய்ய வைக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். அடுத்த வருடம், 1998இல், பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. அப்போது நாங்கள் அடியை நினைத்தோம், சித்திரவதையை நினைத்தோம். வெறும் உடற்பயிற்சி ஒரு வாலிபனின் சிறுநீரகத்தை எப்படி நிறுத்தும் என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. எனக்கும்தான். தன் அளவு வந்ததும் நிறுத்த அனுமதிக்கப்படாத ஒருவனின் தசைக்கு என்ன நடந்திருக்கும் என்பது, என் மருமகனின் சலக்குழாய்களை வரிசையில் வைத்துப் பார்த்த அந்த வெள்ளிக்கிழமைதான் எனக்கு முழுதாக விளங்கியது.

மூன்று கிழமைக்குப் பிறகு சீகே 180. அதுவரை பாரம் தூக்கவேண்டாம் என்றிருந்தது, பிறகும் படிப்படியாகத்தான். சின்ன வேலைக்கே இது திரும்ப வந்தால் தசையில் பிறவியிலேயே நொதியக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். இதுவரை திரும்பவில்லை. கிணற்றை ஆவணியில் வேறு ஆட்கள் முடித்தார்கள்.

இந்த வருடம் மாசி மாதம், பெரும்போக அறுவடை நேரம், பதினெட்டு வயதுப் பையன் ஒருவனின் சலம் என் மேசைக்கு வந்தது. துண்டில் "கறுத்த சலம், கல்?" என்று இருந்தது. ஸ்ட்ரிப்பில் மூன்று பிளஸ். நுணுக்குக்காட்டியில் ஒன்றுமில்லை. அறிக்கையைப் பெட்டிக்குள் போடாமல் நானே விடுதிக்குப் போனேன். பையன் கையை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு படுத்திருந்தான். தாய் பக்கத்தில் இருந்தா.

"தம்பி என்ன வேலையம்மா செய்தவர்?"

"சோதினை முடிஞ்சு சும்மாதான் நிண்டவன், மிஸ். நேற்று முன்தினம் உழவு இயந்திரத்துக்கு நெல் மூட்டை ஏத்தப் போனவன். முதல் தரம்."

"எத்தினை மூட்டை, தம்பி?"

அவன் கூரையைப் பார்த்துக் கணக்குப் போடத் தொடங்கினான். நான் தாதியைக் கூப்பிட்டு, கட்டிலருகே இருந்த குளிசைப் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன்.